போல்ட்டின் தலையைப் படியுங்கள், பிறகு நட் வாங்குங்கள்

மும்பையின் காட்கோபர்–மான்குர்த் இணைப்புச் சாலை தேவ்நாரை ஒட்டிப் போகிறது. குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரிகளும் டிராம்பே பக்கம் போகும் டேங்கர்களும் இந்த வட்டாரத்தில் இரவு பகலாக ஓடுகின்றன. குண்டும் குழியுமான பாதையில் சுமையோடு ஓடும் வண்டியில் முதலில் தளர்வது நட்தான். அதனால் இந்தப் பகுதியின் பட்டறைகளில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்திலேயே வரும் கட்டளை இது: "தம்பி, 19 நம்பர் நட் ஒண்ணு வாங்கிட்டு வா."

அந்தக் கட்டளையை அப்படியே கடையில் போய்ச் சொன்னால் நான்கு விதமான நட் கிடைக்கலாம். அதில் ஒன்றுதான் சரியானது. அதைப் பிரித்தறியத் தெரிந்தவருக்குப் பட்டறையிலும், ஸ்டோரிலும், ஆலைப் பராமரிப்புப் பிரிவிலும் தனி மதிப்பு உண்டு. கற்றுக்கொள்ள ஒரு வெர்னியரும் ஒரு பிட்ச் கேஜும் போதும். ஒரே ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு நட்டும் வாசரும் தேடும் வேலையை முதலிலிருந்து கடைசி வரை செய்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டு இது. குப்பை லாரியில் ஹைட்ராலிக் பம்ப்பைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு போல்ட் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. நட்டும் வாசரும் வழியில் விழுந்துவிட்டன. போல்ட்டின் தலையில் 19 நம்பர் ஸ்பேனர் சரியாக உட்காருகிறது. தலையின் மேல் 10.9 என்ற எண்ணும், பக்கத்தில் கம்பெனி முத்திரையும் தெரிகின்றன.

19 என்பது ஸ்பேனரின் அளவு

ஸ்பேனர் பிடிக்கும் தலையின் அகலம்தான் 19 மில்லிமீட்டர். மரை போட்ட தண்டின் விட்டம் வேறு. பழைய ஜெர்மன், இந்தியத் தர அளவுகளின்படி 12 மிமீ போல்ட்டுக்கு 19 மிமீ தலை. பின்னால் வந்த ஐஎஸ்ஓ அளவுப்படி அதே 12 மிமீ போல்ட்டுக்குத் தலை 18 மிமீ. இரண்டும் இன்றும் சந்தையில் கிடைக்கின்றன. 10 மிமீ போல்ட்டிலும் இதே கதைதான்: பழையதற்கு 17, புதியதற்கு 16.

இஞ்சுக் கணக்கு இன்னொரு சிக்கல். அரை இஞ்சு அமெரிக்க போல்ட்டின் தலை முக்கால் இஞ்சு அகலம், அதாவது 19.05 மிமீ. அதே 19 நம்பர் ஸ்பேனர் அதிலும் பொருந்திவிடும். 12 மிமீ போல்ட்டிலேயே மரை மூன்று விதமாக வரும் என்பதைச் சேர்த்துக்கொண்டால், முன்பு சொன்ன நான்கு நட்டுகளும் கணக்கில் வந்துவிடுகின்றன. ஆகவே ஸ்பேனர் நம்பரைக் கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் மட்டும் பயன்படுத்துங்கள். வாங்குவதற்கு வேறு மூன்று விவரங்கள் வேண்டும்: விட்டம், மரையின் பிட்ச், வலிமை எண்.

விட்டம்: வெர்னியர் கொஞ்சம் குறைத்தே காட்டும்

முதலில் மரையில் அப்பியிருக்கும் கிரீஸையும் மண்ணையும் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் கொண்டு நன்றாகத் துடைத்துவிடுங்கள். பிறகு மரை நசுங்காத இடமாகப் பார்த்து, அதன் மேடுகளின் மீது வெர்னியரை வைத்து அளக்க வேண்டும். நம் போல்ட் 11.85 மிமீ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக அளப்பவர் இங்கேதான் தடுமாறுவார். 12 என்று இருக்க வேண்டியது 11.85 என்று வந்தால், தேய்ந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். அது தேய்மானம் அல்ல. நட் தடையின்றி ஏற இடம் வேண்டும் என்பதால், வெளி மரையைப் பெயரளவைவிடச் சற்றுச் சிறிதாகவே வெட்டுகிறார்கள். 12 மிமீ போல்ட் ஏறக்குறைய 11.7 முதல் 11.97 வரை எங்கு இருந்தாலும் அது முறையான அளவுதான். அரை இஞ்சு போல்ட் ஏறக்குறைய 12.4 முதல் 12.66 வரை காட்டும். 12-ஐத் தாண்டி எண் வந்தாலே அது மெட்ரிக் 12 இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

மெட்ரிக் போல்ட்டின் பெயர் எம் என்ற எழுத்தில் தொடங்கி விட்டத்தைச் சொல்லும். ஆக நம் கையில் இருப்பது எம்12.

இரண்டு இடங்களில் மட்டும் வெர்னியரை நம்பி முடிவெடுக்க முடியாது. 5/16 இஞ்சு என்பது 7.94 மிமீ. எம்8 போல்ட்டிலிருந்து அதை விட்டத்தால் பிரிக்கவே முடியாது. 5/8 இஞ்சு என்பது 15.88 மிமீ. அதுவும் எம்16-ஐப் போலவே தெரியும். இந்த இரண்டு அளவுகளிலும் பிட்ச் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

மும்பைக் கடைகளில் இஞ்சு அளவைச் சூத் கணக்கில் சொல்வார்கள். ஒரு சூத் என்பது 1/8 இஞ்சு, நம் ஊர்த் தச்சரும் கொத்தனாரும் நூல் என்று சொல்லும் அதே அளவு. கடைக்காரர் 4 சூத் என்றால் அரை இஞ்சு. எம்12 கேட்கப் போனவர் கையில் 4 சூத் நட் வந்து சேர்வது அடிக்கடி நடக்கிற தவறு.

பிட்ச்: பத்து மரையை அளந்தால் ஏமாற வழியில்லை

ஒரு மரை மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு உள்ள தூரம்தான் பிட்ச். நட்டை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் அது அவ்வளவு தூரம் முன்னேறும். எம்12-க்குச் சாதாரணமாக வரும் பெரிய மரை 1.75 மிமீ. நுண் மரை இரண்டு விதம்: 1.5 மிமீ, 1.25 மிமீ. வண்டிகளின் எஞ்சின், கியர்பாக்ஸ், சேஸிஸ் பகுதிகளில் நுண் மரை நிறைய வரும். பொது ஹார்டுவேர் கடையில் எம்12 என்று மட்டும் கேட்டால் 1.75-தான் எடுத்துத் தருவார்கள். அவர்கள் மேல் தவறு இல்லை. பிட்ச் சொல்லாத எம்12 என்றால் பெரிய மரை என்பதுதான் தர விதியே.

பிட்ச் கேஜில் பல் பல்லாக வெட்டிய தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றாக மரையில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சரியான தகடு முழு நீளத்துக்கும் உட்காரும், வெளிச்சம் கசியாது. இரண்டு மூன்று பல் மட்டும் பொருந்தி, நாலாவது பல் மேட்டின் மேல் ஏறி நின்றால் அது தவறான தகடு. அதனால் குறைந்தது ஆறேழு பல் பொருந்துகிறதா என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கேஜ் இல்லையென்றால் ஸ்டீல் ஸ்கேலை மரையோடு ஒட்டி வையுங்கள். ஒரு மேட்டை பூஜ்யத்தில் நிறுத்தி, அங்கிருந்து பத்து இடைவெளிகளை எண்ணுங்கள். பத்தாவது இடைவெளி முடியும் மேடு 17.5 மிமீயில் இருந்தால் பிட்ச் 1.75. 15-இல் இருந்தால் 1.5. 12.5-இல் இருந்தால் 1.25. ஒரே ஒரு மரையை அளந்தால் இவற்றுக்கிடையே உள்ள கால் மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. பத்து மரையில் அது இரண்டரை மில்லிமீட்டராக விரிந்துவிடுகிறது. நம் போல்ட் 12.5 காட்டுகிறது. எனவே அது எம்12×1.25.

எம்8-ஐயும் 5/16 இஞ்சையும் பிரிப்பதும் இப்படித்தான். எம்8 பெரிய மரையின் பிட்ச் 1.25. அமெரிக்கப் பெரிய மரை கொண்ட 5/16-க்கு ஒரு இஞ்சில் 18 மரை, அதாவது 1.41 மிமீ. பத்து இடைவெளியில் ஒன்று 12.5, மற்றது 14.1. எம்16-க்கும் 5/8-க்கும் இன்னும் தெளிவாகத் தெரியும்: 20 மிமீ எதிர் 23 மிமீ. இந்தியாவில் 1956-இல் மெட்ரிக் அளவுக்கான சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் இறக்குமதியான இயந்திரங்களும், அவற்றின் வழியில் செய்யப்பட்டவையும் பழைய பட்டறைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் இருப்பது பிரிட்டிஷ் விட்வொர்த் மரை. அதன் பல்லின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக்கிலும் அமெரிக்க மரையிலும் 60 டிகிரி. மெட்ரிக் தகடு எதுவும் ஒழுங்காக உட்காராமல் ஓரமாக வெளிச்சம் கசிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

பிட்ச் கேஜ் இன்னொரு உண்மையையும் சொல்லும். தகடு தலைப்பக்கம் உள்ள மரையில் நன்றாக உட்கார்ந்து, நட் இருந்த இடத்துக்கு அருகே மட்டும் பொருந்தாமல் போனால், அந்த இடத்தில் போல்ட் இழுபட்டு நீண்டுவிட்டது. வெர்னியரை வைத்தால் அங்கே தண்டு சற்று மெலிந்தும் இருக்கும். அந்த போல்ட்டுக்கு நட் தேட வேண்டாம், போல்ட்டையே மாற்றிவிடுங்கள்.

கடைசிச் சோதனையை விரல்கள் செய்யும். புது நட்டைக் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். சரியான நட் போல்ட்டின் கடைசி மரை வரை விரலாலேயே போகும். பிட்ச் தவறாக இருந்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நிற்கும். அந்த இடத்தில் ஸ்பேனரையோ நியூமேடிக் கன்னையோ எடுத்தால் நட் ஏறத்தான் செய்யும். ஆனால் மரையை அறுத்துக்கொண்டு ஏறும், இறுகிவிட்டது போலவே தெரியும். சாலையில் போகும்போது கழன்று விழுவது அந்த நட்தான்.

10.9: தலையில் இருக்கும் இரண்டு எண்கள்

புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணை நூறால் பெருக்குங்கள். 10 என்றால் 1000. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் அளவு இழுத்தால்தான் அந்த எஃகு அறும் என்பது பொருள். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், அறும் அளவில் பத்தில் எத்தனை பங்கை எட்டும்போது போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதைச் சொல்கிறது. 9 என்றால் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 900. இதே கணக்கில் 8.8 போல்ட் 800-இல் அறும், 640-இல் நீளத் தொடங்கும். சாதாரண 4.6 போல்ட் 400-இல் அறும், 240-லேயே நீளத் தொடங்கிவிடும். இந்தியத் தரமான ஐஎஸ் 1367-உம் ஐஎஸ்ஓவின் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

நம் போல்ட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். எம்12×1.25 மரையில் இழுவையைத் தாங்கும் குறுக்குப் பரப்பு சுமார் 92 சதுர மிமீ. 900-ஆல் பெருக்கினால் 82,800 நியூட்டன், ஏறக்குறைய 8.4 டன். அவ்வளவு இழுவை வரை இந்த ஒற்றை போல்ட் நிரந்தரமாக நீளாமல் நிற்கும். இதே அளவில் 4.6 போல்ட் போட்டால் சுமார் 2.2 டன்னில் நீளத் தொடங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. தலையில் உள்ள எண் மட்டும்தான் அடையாளம்.

கடைகளில் எச்டி போல்ட் என்பார்கள், ஹை டென்சில் என்பதன் சுருக்கம். பெரும்பாலும் 8.8-ஐத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் 10.9-உம் 12.9-உம்கூட எச்டிதான். எச்டி என்று கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண்ணோடு கம்பெனி முத்திரையும் இருக்க வேண்டும். சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்திருக்கும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் தன் போல்ட்டுகளில் டிவிஎஸ் என்று பொறிக்கிறது. இப்படி ஒவ்வொரு நல்ல தயாரிப்பாளருக்கும் ஓர் அடையாளம் உண்டு. வலிமை எண் இருந்து, செய்தவர் யார் என்று தெரியவில்லையென்றால் அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். தலை வெறுமையாக இருந்தால் அதைச் சாதாரண போல்ட்டாக மட்டுமே கருதுங்கள்.

எண்ணுக்குப் பதிலாகத் தலையில் கோடுகள் இருந்தால் அது அமெரிக்க இஞ்சு போல்ட். கோடுகளோடு இரண்டைக் கூட்ட வேண்டும். மூன்று கோடு கிரேடு 5, அது ஏறக்குறைய 8.8-க்கு நிகர். ஆறு கோடு கிரேடு 8, அது 10.9-க்கு அருகில் வரும். வலிமை நிகராக இருந்தாலும் மரை வேறு என்பதை மறக்க வேண்டாம்.

கடற்கழிக்கு அருகே துரு பிடிக்கிறது என்பதற்காகப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அதன் தலையில் ஏ2-70 என்று இருக்கும். 70-ஐப் பத்தால் பெருக்கினால் 700, அது அறும் அளவு. ஆனால் அது 450-லேயே நீளத் தொடங்கும். 10.9 இருந்த இடத்தில் அதைப் போட்டால் பாதி வலிமைதான் மிஞ்சும்.

நட்: போல்ட்டின் முதல் எண்ணோடு பொருந்த வேண்டும்

நட்டுக்கு ஒரே எண்தான். அது போல்ட்டின் முதல் எண்ணோடு பொருந்த வேண்டும். 8.8 போல்ட்டுக்கு 8, 10.9-க்கு 10, 12.9-க்கு 12. நட்டின் எண் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை. 8.8 போல்ட்டுக்கு 10 எண் நட் போடலாம். குறைவாக இருக்கவே கூடாது.

இந்த ஜோடி விதிக்குப் பின்னால் ஒரு தெளிவான யோசனை இருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் ஏதாவது ஒன்று தோற்றாக வேண்டும். போல்ட் அறுந்தால் சத்தத்தோடு அறும், கையில் தெரியும், உடனே மாற்றிவிடுவோம். நட்டின் மரை வழுக்கினால் அப்படி இல்லை. முதல் சில மரைகள் மட்டும் சிதைந்து, மீதி பிடித்துக்கொண்டிருக்கும். இறுக்கியவருக்கு வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆகவே முதலில் போல்ட் அறும்படி, மரை தாங்கி நிற்கும்படி நட்டின் உயரத்தையும் கடினத்தையும் வகுத்திருக்கிறார்கள். குறைந்த எண் நட்டைப் போட்டால் இந்தப் பாதுகாப்பு தலைகீழாகிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் 5 எண் நட் போட்டால் என்ன ஆகும்? அது 500 அளவு வலிமை உள்ள போல்ட்டுக்காகச் செய்தது. 92 சதுர மிமீக்கு 46,000 நியூட்டன், சுமார் 4.7 டன் என்ற கணக்கில் வரும் போல்ட்டுக்கு அது துணை. நம் 10.9 போல்ட்டை அதற்குரிய டார்க்கில் இறுக்கினால் அதைவிட அதிகமான இழுவை நட்டின் மரை மேல் விழும். மரை அங்கேயே வழுக்கலாம், அல்லது பாதி சிதைந்த நிலையில் வண்டி புறப்படலாம்.

நட்டின் எண் மேல்முகத்திலோ பக்கத்திலோ இருக்கும். சில நட்டுகளில் எண்ணே இருக்காது, ஒரு புள்ளியும் ஒரு சிறு கோடும் மட்டும் இருக்கும். அது கடிகார முறை. புள்ளியைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு கோடு எந்த மணியில் நிற்கிறது என்று பாருங்கள். எட்டு மணியில் நின்றால் 8, பத்து மணியில் நின்றால் 10. எந்தக் குறியும் இல்லாத நட்டை 8.8-க்கும் அதற்கு மேற்பட்ட போல்ட்டுக்கும் போடாதீர்கள். 04, 05 என்று பூஜ்யத்தில் தொடங்கும் எண் இருந்தால் அது மெல்லிய நட். இன்னொரு நட்டுக்குத் துணையாகப் பூட்டுவதற்கானது. தனியாக முழுச் சுமையைத் தாங்காது.

ஹாட் டிப் கால்வனைஸ் செய்த போல்ட்டில் துத்தநாகப் பூச்சு தடிமனாக இருக்கும். அதற்கான நட்டின் மரையைக் கொஞ்சம் அகலமாக வெட்டியிருப்பார்கள். அந்த நட்டைப் பூச்சில்லாத போல்ட்டில் போட்டால் லொடலொடக்கும். அந்த நட்டையும் போல்ட்டையும் ஜோடியாகவே வாங்க வேண்டும்.

வாசர்: துளை மட்டும் பொருந்தினால் போதாது

எம்12-க்கான சாதாரண பிளேன் வாசரின் துளை 13 மிமீ, வெளிவிட்டம் 24 மிமீ, தடிமன் 2.5 மிமீ. அளவைப் பொருத்தவரை இதில் சிக்கல் இல்லை. பெரும்பாலோர் தவற விடுவது கடினத்தை.

இறுக்கும்போது போல்ட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. அந்த நீட்சி திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. வாசர் மென்மையாக இருந்தால் நட்டின் கீழ் அது மெல்ல அமுங்கும். அமுங்கிய அளவுக்குப் போல்ட்டின் நீட்சி குறையும், பிடிப்பும் குறையும். நட் துளிகூடத் திரும்பியிருக்காது, ஆனால் இணைப்பு தளர்ந்துவிடும். கழற்றிப் பார்க்கும்போது வாசரில் நட்டின் அறுகோண வடிவம் ஆழமாகப் பதிந்திருந்தால் நடந்தது இதுதான்.

ஐஎஸ்ஓ அளவுகளில் பிளேன் வாசருக்கு இரண்டு கடினங்கள் உண்டு: 200 எச்வி, 300 எச்வி. 8.8 வரை உள்ள போல்ட்டுக்கு 200 போதும். 10.9 போல்ட்டுக்கு 300 வேண்டும். இது வாசரில் பொறிக்கப்பட்டிருக்காது, பெட்டியில் ஒட்டிய சீட்டில்தான் இருக்கும். அதனால் உதிரியாகக் குவித்து எடைக்கு விற்கும் வாசரை 10.9-க்கு வாங்காதீர்கள், பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் வாசர் போட்டால் கழலாது என்ற நம்பிக்கை பட்டறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 8.8-க்கும் அதற்கு மேலும் உள்ள போல்ட்டை முறையாக இறுக்கும் விசையில் ஒரு சிறு பங்கிலேயே ஸ்பிரிங் வாசர் தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அது வெறும் குறுகலான வாசர். ஜெர்மன் தர நிறுவனமே தன் ஸ்பிரிங் வாசர் தரத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதிர்வு உள்ள இடத்தில் நைலாக் நட், மரையில் பூசும் லாக்கிங் பசை, இரட்டை ஆப்பு வாசர் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். நைலாக்கின் பிளாஸ்டிக் வளையம் சுமார் 120 டிகிரிக்கு மேல் தாங்காது. எனவே சைலன்சர், எக்ஸாஸ்ட் பக்கம் அதைப் போட வேண்டாம். கழற்றிய நைலாக்கை விரலால் சுழற்ற முடிந்தால் அதன் பிடி போய்விட்டது, புதியது போடுங்கள்.

வண்டி கம்பெனியின் கையேடு ஓர் இடத்தில் வாசர் வேண்டாம் என்றோ, அடிப்பாகம் விரிந்த ஃபிளாஞ்ச் நட் என்றோ சொன்னால் அதையே பின்பற்றுங்கள். இங்கே சொன்ன விதிகள் கையேடு கையில் இல்லாத நேரத்துக்கானவை.

நீளம் போதுமா?

கடைக்குப் புறப்படும் முன் ஒரு கூட்டல் போட வேண்டும். போல்ட்டின் நீளத்தைத் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். நம்முடையது 40 மிமீ. பிராக்கெட்டும் அதைத் தாங்கும் தகடும் சேர்ந்து 24 மிமீ. வாசர் 2.5, சாதாரண நட் 10.8. மொத்தம் 37.3. மீதி 2.7 மிமீ நட்டுக்கு வெளியே நீளும். பிட்ச் 1.25 என்பதால் அது இரண்டு மரைக்குச் சற்று அதிகம். குறைந்தது இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும் என்பது பட்டறை விதி. போல்ட்டின் முனையில் உள்ள மரை முழுமையாக இருக்காது, நட்டுக்குள் இருப்பவை முழு மரைகளாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். நம் போல்ட் தேறிவிட்டது.

இதே இடத்தில் 12 மிமீ உயர நைலாக் போட்டால் மீதி 1.5 மிமீதான், ஒரு மரைக்குச் சற்று மேல். அப்போது 45 மிமீ போல்ட் வாங்க வேண்டும். இல்லையென்றால் சாதாரண நட்டோடு லாக்கிங் பசை போட வேண்டும். நம் வேலைக்கு இரண்டாவது வழியே போதும்.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

தேவ்நார், கோவண்டிக் கடைகளில் பெரிய மரை நட் எளிதாகக் கிடைக்கும். நுண் மரையில் 10 எண் நட் வேண்டுமென்றால் வண்டி கம்பெனியின் உதிரிபாகக் கடைக்கோ நாக்தேவி தெருவுக்கோ போவது நல்லது. கோவண்டியில் ஹார்பர் ரயில் ஏறி மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போல்ட், நட், கருவிகளுக்கென்றே பெயர் பெற்ற சந்தை அது. இந்தியில் மரையைச் சூடி என்பார்கள். நுண் மரை வேண்டுமென்றால் பாரிக் சூடி என்று கேளுங்கள், கூடவே 1.25 என்ற எண்ணையும் சொல்லுங்கள். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே நட்டை விரலால் கடைசி வரை ஏற்றிப் பாருங்கள்.

சீட்டில் இப்படி எழுதுங்கள்:

நட், அறுகோணம், எம்12×1.25, எண் 10, சாதாரண உயரம் – 1
பிளேன் வாசர், எம்12, 300 எச்வி – 1

ஆலையிலோ பணிமனையிலோ ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதும்போதும் இதே வரிதான். "19 நம்பர் நட்" என்று எழுதினால் ஸ்டோர்காரர் ஊகித்துத் தருவார். இப்படி எழுதினால் ஊகிக்க எதுவும் இல்லை, தவறான நட் வந்தால் திருப்பிக் கொடுக்கவும் ஆதாரம் இருக்கிறது. ஸ்டோரை நீங்களே பார்த்துக்கொள்பவரானால், 1.75, 1.5, 1.25 நட்டுகளை ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒவ்வொரு பிட்ச்சுக்கும் வலிமை எண்ணுக்கும் தனி டப்பா, டப்பாவின் மேல் எண். கலந்துவிட்ட நட்டுகளைக் கண்ணால் பிரிக்க யாராலும் முடியாது.

மாட்டியபின் செய்ய வேண்டியவை மூன்று. முதலில், கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். அடுத்து, நட்டின் ஓரத்திலிருந்து தகடு வரை பெயிண்ட்டால் ஒரு கோடு இழுங்கள். மூன்றாவதாக, வண்டி ஒரு நடை போய் வந்ததும் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட் திரும்பியிருக்கிறது. கோடு நேராக இருந்தும் ஸ்பேனருக்கு நட் எளிதாக நகர்ந்தால் கீழே ஏதோ அமுங்கியிருக்கிறது, வாசரைக் கழற்றிப் பாருங்கள்.

இனி யாராவது "19 நம்பர் நட் வாங்கிட்டு வா" என்றால், போல்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விட்டம், பிட்ச், தலையில் உள்ள எண் ஆகிய மூன்றையும் சீட்டில் எழுதிய பிறகே கடைக்குப் புறப்படுங்கள். மூன்றில் ஒன்று தெரியாவிட்டாலும் கிளம்பாதீர்கள்.